மூன்று வருடம் படித்தால் முப்பது சதவீதமா?

*ஐயா, பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டான். ஓசூரில் மாதம் 16,000 சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது. தனியார் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. இடமும் கிடைக்கும், மூன்று வருடம், வருடத்துக்கு 80,000 கட்டணம். ‘ஒரு வருடம் கூடப் படித்தால் சம்பளம் பத்து சதவீதம் கூடும், பெரிய பொருளாதார மேதைகள் போட்ட கணக்கு’ என்கிறார் மச்சான். நம்பலாமா?*
*— தக்காளி விவசாயி, பாலக்கோடு*

உங்கள் மச்சான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பல நாடுகளில் எடுத்த கணக்குகளின் சராசரி பத்தை ஒட்டித்தான் வருகிறது. சொட்டுநீர்க் குழாயில் போடும் பணத்தைப் போலப் படிப்பும் ஒரு முதலீடு, பின்னால் வருமானமாகத் திரும்பும் என்று 1960-களில் தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் வாதிட்டார்கள். இதற்கு ‘மனித மூலதனம்’ என்று பெயர். 1974-ல் ஜேக்கப் மின்சர் அதை, ஒரு வருடப் படிப்புக்குச் சம்பளம் எத்தனை சதவீதம் கூடும் என்று கணக்கிடும் சூத்திரமாக்கினார்.

அந்தச் சூத்திரத்தில் ஒரு சங்கதி உண்டு. படிப்பின் செலவு என்று மின்சர் எடுத்துக்கொண்டது கட்டணத்தை இல்லை, படிக்கும் காலத்தில் விட்டுப்போகும் சம்பளத்தை மட்டும்தான். உங்கள் பையனுக்குப் போட்டுப் பார்ப்போம். 36 மாதச் சம்பளம் 5,76,000. மூன்று வருடமும் பத்துப் பத்து சதவீதம் கூடினால் 16,000 என்பது சுமார் 21,300 ஆகும். மாதம் 5,300 கூடுதல், வருடத்துக்கு 63,600. விட்ட சம்பளத்தோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 11 சதவீதம், நல்ல வரவுதான். இப்போது கட்டணம் 2,40,000 சேருங்கள். மொத்தம் 8,16,000. வரவு எட்டு சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. போட்டது திரும்பவே கிட்டத்தட்ட பதின்மூன்று வருடம் ஆகும். பத்து சதவீத வட்டிக்குக் கல்விக் கடன் வாங்கினால் இந்தக் கணக்கு இடிக்கும். இன்னொன்று, அவன் படித்து முடிக்கும்போது, வேலைக்குப் போயிருந்தால் சேர்ந்திருக்கும் மூன்று வருட அனுபவமும் இருக்காது. அதனால் ஆரம்பத்தில் வித்தியாசம் 5,300 கூட வராது.

சரி, அந்தப் பத்து சதவீதமே படிப்பால் வந்ததா? பி.இ. வரை போகிறவர்கள் பெரும்பாலும் முன்பே நன்றாகப் படித்தவர்கள், அல்லது வீட்டில் வசதி உள்ளவர்கள். படிக்காமல் விட்டிருந்தாலும் கொஞ்சம் கூடவே சம்பாதித்திருப்பார்கள் அல்லவா? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நல்ல வழி கண்டவர் எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர். 1970-களில் இந்தோனேசிய அரசு 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. சில மாவட்டங்களுக்கு அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. பள்ளி வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளையும், அதற்குமுன் வயது தாண்டிப்போனவர்களையும் மாவட்டவாரியாக ஒப்பிட்டார். கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளம் 6.8 முதல் 10.6 சதவீதம் வரை கூடியிருந்தது. ஆக, சம்பளம் கூடியது நிஜம். ஆனால் அது தொடக்கப் பள்ளி. கட்டணம் கட்டிப் படிக்கும் பி.இ.க்கு அதே எண்ணை அப்படியே ஒட்ட முடியாது.

1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் வேறு கேள்வி கேட்டார். சம்பளம் கூடுவது கற்றதாலா, இல்லை ‘இவன் கஷ்டப்பட்டு முடிக்கக்கூடியவன்’ என்று சான்றிதழ் முதலாளிக்குச் சொல்வதாலா? நம்ம ஊரிலேயே பார்க்கலாம். மூன்றே முக்கால் வருடம் உட்கார்ந்து இரண்டு அரியரோடு நிற்பவன் அத்தனை பாடமும் கேட்டவன்தான். ஆனால் டிகிரி கேட்கும் கம்பெனியில் அவனை டிப்ளமோக்காரனாகத்தான் எடுப்பார்கள். பாடத்துக்குத்தான் காசு என்றால் முக்கால் பங்காவது கிடைக்க வேண்டும். (அரியர் வைத்தவன் மற்ற வகையிலும் வேறுபட்டவனாக இருக்கலாம் என்பதால் இது முழுச் சான்று ஆகாது.) ஒருசிலர் கையில் மட்டும் டிகிரி என்றால் அது அடையாளம், எல்லார் கையிலும் டிகிரி என்றால் டிப்ளமோ வேலைக்கே பி.இ. கேட்கத் தொடங்குவார்கள்.

எனக்கு இதைவிட உறுத்துவது ஓசூர்த் தொழிற்பேட்டை. ஒரே லைன், ஒரே மெஷின், ஒரே ஷிஃப்ட். ஒருவன் கம்பெனி நேரடியாக எடுத்த கம்பெனி ரோல், பக்கத்தில் நிற்பவன் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த கான்ட்ராக்ட் ரோல். திறமை ஒன்று, சம்பளச் சீட்டு இரண்டு. சம்பளம் திறமையை ஒட்டிப் போகும் என்ற கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை.

அதனால் வந்திருக்கும் வேலை எந்த ரோல் என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அந்தக் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு முன் முடித்த ஐந்தாறு பேரை, கல்லூரி தரும் பெயர்களை நம்பாமல் நீங்களே தேடிப் பிடித்து, கையில் வரும் சம்பளம் எவ்வளவு என்று விசாரியுங்கள். வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவனையும் சேர்த்து எண்ணுங்கள். சராசரிக் கணக்குகளில் அவன் வருவதே இல்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இடத்தில் சேர முடிந்தால் கட்டணம் பெருமளவு குறையும், மேலே போட்ட கணக்கும் பழையபடி 11 பக்கம் ஏறும். கலந்தாய்வுக்குப் பையன் விண்ணப்பித்தானா என்று நீங்கள் எழுதவில்லையே?