கொலுவுக்குப் பழைய பட்டுப்புடவையில் திரையும் கர்ட்டனும்

கேள்வி: மல்லேஸ்வரத்தில் வாடகை ஃப்ளாட். சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று ஓனர் கண்டிப்பு. பழைய பட்டுப்புடவைகள் நாலு இருக்கு. கொலுவுக்குப் பின்னால் போட்டோ எடுக்கிற மாதிரி திரையும், ஹால் வாசலுக்குக் கர்ட்டனும் அதிலேயே பண்ண முடியுமா? வெட்டித்தான் ஆகணுமா?

பதில்:

கொலுத் திரைக்கு வெட்டவே வேண்டாம். வாசலுக்கு மட்டும் ஒரு புடவையை வெட்டினால் போதும்.

முதலில் நாலையும் சோதித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மடிப்பின் இரு பக்கமும் விரல் வைத்து லேசாக இழுங்கள். கோட்டில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தாலோ, இழை விடும் 'சர்' சத்தம் கேட்டாலோ, அது தன் கனத்தையே தாங்காது. அதைத் தொங்கவிடாதீர்கள். கரை நன்றாக இருந்தால் அதை மட்டும் வெட்டி, காட்டன் துணிமேல் தைத்து மேஜை விரிப்பாக்கலாம்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒன்று. உடுத்தும்போது புடவையின் அகலம்தான் மேலிருந்து கீழாக வருகிறது. உடலில் உள்ள மயில், மாங்காய் புட்டாக்கள் பெரும்பாலும் அதற்கேற்றபடி நிமிர்ந்திருக்கும். அதே புடவையை நீளவாக்கில் தொங்கவிட்டால் மயிலெல்லாம் படுத்துக்கொள்ளும். அதனால் திரைக்கு வெற்று உடல் அல்லது வட்டமான காசு புட்டா உள்ளதை எடுங்கள். பொடிக்கட்டம் வேண்டாம், போன் கேமராவில் அது அலை அலையாக மினுங்கும்.

ஆணிக்குப் பதில் கொலுப்படி ஸ்டாண்டையே பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தடி அகல இரும்புப் படி என்று வைத்துக்கொள்வோம். ஒரு அங்குல பிவிசி பைப்பில் ஏழடித் துண்டு இரண்டு, ஐந்தரை அடித் துண்டு ஒன்று, எல்போ இரண்டு வாங்கினால் சட்டம் தயார். செங்குத்துப் பைப்புகளைப் பின்கால்களில் கீழும் மேலுமாக இரண்டு இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பொம்மைகள் ஏறியதும் படி அசையாது, சட்டமும் அசையாது. அரை அங்குலப் பைப் மலிவுதான், ஆனால் பட்டின் கனத்தில் நடுவில் வில்லாக வளையும்.

பிவிசி வழவழப்பானது; பட்டு அதில் நிற்காமல் வழுக்கும். குறுக்குப் பைப்பில் பழைய காட்டன் துணியைக் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள். இரண்டு புடவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஐந்தரை மீட்டரில் முன்பக்கம் இரண்டு மீட்டர் சொச்சம் தொங்கட்டும். மீதியைப் பின்னால் விட்டு, தரையில் புரள்வதை மடித்துவிடுங்கள். அதுவே லைனிங் ஆகிவிடும், பின்சுவர் தெரியாது. புடவை அகலம் ஏறத்தாழ 115 செ.மீ. என்பதால் இரண்டும் சேர்ந்தால் ஐந்தடியை நிரப்பி லேசான கொசுவத்துக்கும் இடமிருக்கும். சேஃப்டி பின் குத்தாதீர்கள், இழை வாங்கிவிடும். கிளிப் போடுங்கள், இடையில் ஒரு துண்டுத் துணி வைத்து. போட்டோவுக்கு பிளாஷை அணைத்துவிடுங்கள். ஜரிகை வெள்ளையாக எரிந்து முகத்தை மறைக்கும்.

வாசலுக்கு வருவோம். வாசல் ஏழடி உயரம், அதாவது 213 செ.மீ. முதலில் முந்தானையை 80 செ.மீ. அளவில் தனியாக வெட்டுங்கள். விட்டுவைத்தால் ஒரு பாதியில் மட்டும் முந்தி வந்து ஜோடி சேராது. மீதி 470-ஐ இரண்டாக்கினால் 235, 235. கம்பி நுழைய மேலே 8, கீழ்மடிப்புக்கு 10 போக, 217 நிற்கும்; வாசலுக்குப் போதும். ஒரு பக்கம் பெரிய கரை, மறுபக்கம் சின்னக் கரை என்றால் ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு பெரிய கரையும் நடுவில் சேரும். கம்பி நுழையும் இடத்துக்கு உள்பக்கம் காட்டன் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், முழு இழுவையும் அங்கேதான். கீழ்மடிப்பை மட்டும் உடனே தைக்க வேண்டாம். ஒரு ராத்திரி தொங்கவிட்டால் ஜரிகைக் கரை கனத்தில் இறங்கும். பிறகு அளந்து மடித்தால்தான் கோணாது. தையல்காரர்கள் இதற்கு அலுத்துக்கொள்வார்கள், விடாதீர்கள்.

வெட்டிய முந்தானையை நடுவே பிளந்தால் 40 செ.மீ. அகலத்தில் இரண்டு மேஜை விரிப்பு. இரு முனையிலும் கரை தானாகவே வந்துவிடும். நீளப் பக்கங்களை மட்டும் மடித்து அடித்தால் போதும்.

துப்பட்டாக்களையும் திரையில் சேர்ப்பதானால், ஓரத்தில் ஓர் இழையை உருவி, சிங்க்மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனையும் விரலில் பொடியாகும் சாம்பலும் என்றால் பட்டு. உருகி மணியாக உருண்டால் பாலியஸ்டர். அதைக் குத்துவிளக்குப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பட்டும் எரியும் என்பதால் விளக்கைப் படிக்கு முன்னால், திரையிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வையுங்கள். ஃபேன் ஓடும்போது திரை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிட்டு விளக்கேற்றுங்கள்.