தலைவலி மாத்திரையோடு கேஸ் மாத்திரையும் போட்டால் போதுமா?

கேள்வி: வயது 42. பனியன் கம்பெனியில் டைலர். காலையில் தலைவலியோடுதான் எழுந்திருக்கிறேன். வெறும் வயிற்றில் டீயும், மெடிக்கலில் வாங்கிய தலைவலி மாத்திரையும் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கிறேன். வாரத்தில் நாலைந்து நாள் இப்படித்தான். இப்போது வயிறு எரிகிறது. கடைக்காரர் கேஸ் மாத்திரையும் சேர்த்துத் தருகிறார். பிரஷர் மாத்திரையும் எடுக்கிறேன். கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: அந்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அட்டையைக் கத்தரித்து இரண்டு இரண்டாகக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தால் பெயர் எங்கே இருக்கும்? அடுத்த முறை முழு அட்டையும் பில்லும் கேளுங்கள். அதில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன், நிமிசுலைட் என்று ஏதாவது இருந்தால் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். இவற்றில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. கேட்பார் யாருமில்லை.

வயிற்றின் உள்சுவரில் வழுவழுப்பான ஒரு பூச்சு உண்டு. நம் வயிற்று அமிலம் நம்மையே அரிக்காமல் காப்பது அதுதான். வலியை உண்டாக்கும் ரசாயனத்தின் உறவுக்காரன் ஒன்றுதான் அந்தப் பூச்சையும் சுரக்க வைக்கிறது. மாத்திரை இரண்டையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. வெறும் வயிறு என்றால் மாத்திரை நேராகச் சுவரில் பட்டும் உறுத்தும். சாப்பிட்டபின் போட்டால் அந்த உறுத்தல் குறையும், அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்தபின் பூச்சைக் குறைக்கும் வேலையை அது எப்படியும் செய்யும். ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். “ஊசி போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது” என்பவரை நம்பாதீர்கள்.

சரி, கேஸ் மாத்திரை? அது அமிலத்தைக் குறைத்து வயிற்றை ஓரளவு காக்கும். கிட்னியை அது காக்காது. கிட்னிக்குள் போகும் ரத்தக்குழாயை விரித்து வைப்பதும் நான் சொன்ன அதே ரசாயனக் குடும்பம்தான். மாத்திரை போட்டதும் குழாய் சுருங்கும். இளம் வயதில், போதுமான தண்ணீர் குடிப்பவர் எப்போதாவது ஒன்று போட்டால் கிட்னி சமாளித்துக்கொள்ளும். உங்கள் விஷயம் வேறு. வாரத்தில் நாலைந்து நாள், கூடவே பிரஷர். சில பிரஷர் மாத்திரைகளோடு இது சேர்ந்தால் சுமை கூடும், பிரஷரையும் ஏற்றும். பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படியென்றால் அக்கா சொல்வதில் பாதி உண்மை.

தெரிந்துகொள்ள ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் என்று இரண்டு பரிசோதனை போதும். அரசு ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம். ஆனால் ஓ.பி. நேரமும் உங்கள் ஷிஃப்ட் நேரமும் ஒன்று. ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் ஜனம் மெடிக்கலுக்குப் போகிறது, தெரியாமல் இல்லை. இந்த ஒரு தடவை போய்விடுங்கள். பிரஷரையும் பார்த்துவிடலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே போக வேண்டும்.

வலி வந்தால் இப்போதைக்கு வெறும் பாராசிட்டமால். இது வயிற்றை அப்படி அரிப்பதில்லை. 650 மில்லிகிராம் என்றால் ஒரு வேளைக்கு ஒன்று, அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டாதீர்கள். ஏனென்றால் உங்கள் காலைத் தலைவலியே மாத்திரை கொடுத்த தலைவலியாக இருக்கலாம். வாரம் நாலைந்து நாள் என்றால் மாதத்துக்கு 16 முதல் 20 நாள். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரையை மாதத்தில் பத்து நாள் என்று மாதக்கணக்கில் போட்டாலே, அதன் வேகம் தணியும்போது மூளை அடுத்த மாத்திரைக்கு வலியைக் கிளப்பத் தொடங்கிவிடலாம். நிறுத்தினால் முதல் சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல், வலி கூடத்தான் செய்யும். பயந்து பழைய கவரைத் தேடாதீர்கள். அப்புறம், டீக்கு முன்னால் இரண்டு இட்லி. பசியே தலைவலி கொடுக்கும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதய நோய்க்காக டாக்டர் எழுதிக்கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் உங்கள் வீட்டில் யாராவது எடுத்தால், இந்தப் பதிலைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். அதுவும் இந்த வலி மாத்திரைகளின் குடும்பம்தான், வயிற்றை உறுத்தும்தான். ஆனால் அங்கே அது ரத்தம் உறையாமல் காக்கிறது. ஸ்டென்ட் வைத்த ஒருவர் “வயிறு எரியுது, நானே நிறுத்திட்டேன் டாக்டர்” என்று அடுத்த மாரடைப்போடு என்னிடம் வந்தார். வயிறு எரிந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸ் மாத்திரை சேர்ப்பதா, மாற்றுவதா என்று அவர் பார்ப்பார். அதை மெடிக்கல் கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது, பக்கத்து வீட்டு அக்காவும் தீர்மானிக்கக் கூடாது.