காட்சிப் பலகையைச் சுருக்கமாக மொழிபெயர்ப்பது எப்படி?

"அருங்காட்சியகத்தில் போட்டோ எடுத்த ஆங்கிலப் பலகைகளைத் தமிழில் சின்னதாக எழுதணும். எதை விடலாம்?"

வருணனையை விடலாம், தயக்கத்தை விடக்கூடாது. உதாரணத்துக்கு, அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த ஆம்போராவை, அதாவது மது, எண்ணெய் கொண்டுவந்த கூர்அடிச் சாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பலகையை இப்படி எழுதலாம்:

"ஆம்போரா சாடித் துண்டு, சுடுமண். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம். சுமார் கி.பி. 1ஆம் நூற்றாண்டு. அழகன்குளம்."

'அழகிய', 'அரிய' எல்லாம் போகட்டும். 'சுமார்', 'இருக்கலாம்' நிற்க வேண்டும். சாடியில் யாரும் தேதி எழுதிவைக்கவில்லை. மண்ணடுக்கையும் வடிவத்தையும் பார்த்து ஆய்வாளர் கணித்த காலம் அது. மண்டபம் ஊர் மீன் ஏலத்தில் 'சுமார் 5 கிலோ' என்றதை '5 கிலோ' என்று எழுதிக்கொண்டால் எடை போடும்போது சண்டைதான்.

அப்புறம், போட்டோ ஓரத்தில் வெட்டுப்பட்ட வரியை ஊகித்து நிரப்பாமல் மூன்று புள்ளி வையுங்கள்.

பலகையில் உள்ள ஊர் சாடி செய்யப்பட்ட இடம் என்று பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் அது கண்டெடுத்த இடம்.