வேலைக்குப் போகிறவருக்கு எந்த டிரேடிங்?

கேள்வி: பகல் முழுக்க ஆபீஸ். ஸ்கால்பிங், ஸ்விங், பொசிஷன், இதில் எனக்கு எது சரிவரும்?

ஸ்விங். சில நிமிடங்களில் வாங்கி விற்கும் ஸ்கால்பிங்கை விட்டுவிடுங்கள். காலை 9:15 முதல் திரையை விட்டு நகர முடியாது, செலவும் கடிக்கும். 500 ரூபாய் பங்கில் 100 வாங்கி 50 பைசா ஏற்றத்தில் விற்றால் லாபம் 50 ரூபாய். தரகு வாங்க 15, விற்க 15 என்றாலும், விற்கும்போது எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி 12.50 சேர்த்து 42.50 போய்விடும். ஜிஎஸ்டி தனி.

ஸ்விங்கில் சில நாட்கள், சில வாரங்கள் வைத்திருப்பீர்கள். இரவில் தினசரி சார்ட் பார்த்தால் போதும். முதலீடு 1 லட்சம், ஒரு டிரேடில் இழக்கத் தயாரான தொகை 1,000 என்று வைப்போம். 500-இல் வாங்கி, நஷ்டத்தோடு விற்று வெளியேறும் விலையான ஸ்டாப்லாஸ் 480 என்றால் 50 பங்குகள்தான். ஆனால் மோசமான செய்தி வந்து மறுநாள் 465-இல் திறந்தால் நஷ்டம் 1,750 ஆகிவிடும். குறித்த விலை வந்ததும் விற்க முன்கூட்டியே போட்டு வைக்கும் GTT ஆர்டரில் லிமிட் விலை 465-க்கு மேலே இருந்தால் விற்காமலே நிற்கும். அதனால் 9:15-க்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த இரவு நேர ரிஸ்க் தூக்கத்தைக் கெடுத்தால் முதலில் பங்கு எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தினமும் விலை பார்க்கவே பிடிக்காதவர், மாதக்கணக்கில் பொறுப்பவர் என்றால் பொசிஷன்: வாராந்திர சார்ட், ஸ்டாப்லாஸ் 400, அதே 1,000 ரிஸ்க்குக்கு 10 பங்குகள்.