கணக்கில் ஆறே முக்கால் மணி, கையில் நாலு மணி

"12 வோல்ட், 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி, வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ரெண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பு, டிவி, வைஃபை எல்லாம் சேர்த்து 266 வாட். 150-ஐ 12-ஆல் பெருக்கி 266-ஆல் வகுத்தால் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறது. ஆனால் நாலு மணியிலேயே இன்வெர்ட்டர் கத்துகிறது. பேட்டரி போச்சா?"

போகவில்லை, உங்கள் லோடுக்கு நாலு மணிதான் சரி.

முதலில் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் பங்கு. ஓடும்போது அதன் மேல் கை வைத்தால் சூடு தெரியும், அதுவும் பேட்டரியிலிருந்து போவதுதான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டருக்கு 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொள்ளலாம். 266-ஐ 0.8-ஆல் வகுத்தால் சுமார் 332 வாட், அதை 12-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 ஆம்பியர். பேட்டரி கொடுப்பது இவ்வளவு.

அடுத்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். லேபிளில் 150 ஏஎச் பக்கத்தில் பொடி எழுத்தில் C20 என்று இருக்கும், பாருங்கள். 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். நீங்கள் எடுப்பதோ அதைப்போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. அந்த வேகத்துக்கு ஆசிட் தகட்டுக்குள் போய்ச் சேர முடியாமல் வோல்டேஜ் சீக்கிரம் இறங்கும், 10.5 பக்கம் வந்ததும் இன்வெர்ட்டர் கட் பண்ணிவிடும். இந்த லோடில் சுமார் 110 ஏஎச் எதிர்பார்க்கலாம். 110-ஐ 28-ஆல் வகுங்கள், நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு.

இதே காரணத்தால் லோடைக் குறைத்தால் லாபமும் இரட்டிப்பு. 75 வாட் ஃபேன் ரெண்டையும் 35 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் லோடு 186 வாட், பேட்டரியில் 19 ஆம்பியர் சொச்சம். மெதுவாக எடுப்பதால் 118 ஏஎச் வரை கிடைக்கும், ஆக ஆறு மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டரைப் பெரிய விஏவாக மாற்றினால் நேரம் கூடும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், விஏ சொல்வது ஒரே நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும்தான்.

பேட்டரி நிஜமாகவே போயிருந்தால் எப்படித் தெரியும்? முழு சார்ஜ் ஏற்றி, இதே லோடில் ரெண்டரை மணிக்கே நின்றால் சந்தேகப்படுங்கள். அப்போது மறுபடி முழு சார்ஜ் ஏற்றி, கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு பார்க்காதீர்கள், ரீடிங் தப்பாகக் காட்டும். எல்லாம் 1240 பக்கம் இருந்து ஒன்று மட்டும் 1200-க்குக் கீழே நின்றால் கோளாறு அந்த செல்லில். வாரண்டிக்குப் போகும்போது ஆறு ரீடிங்கையும் எழுதி எடுத்துப் போங்கள்.