ஹீப்ரு போர்டு போட்டோ: ஒரே மூணு எழுத்து, எப்படி இத்தனை அர்த்தம்?

"இஸ்ரேல்ல எடுத்த போட்டோல ஒரே சொல்லுக்கு ஒருத்தர் புக்குங்கறார், இன்னொருத்தர் முடிவெட்டுறவர்ங்கறார். எது சரி?"

ரெண்டுமே சரியா இருக்கலாம்ங்க. அதுல இருக்கறது ஸாமெக், பே, ரேஷ்னு மூணு மெய்யெழுத்து மட்டும்தான், உயிர் ஒலிக்கான புள்ளிக்குறிகளை பைபிள், கவிதை, குழந்தைங்க புக்குல போடுவாங்க, கடை போர்டுல பெரும்பாலும் போடமாட்டாங்க. அதனால அதையே செஃபெர்னு படிச்சா புக்கு, ஸபார்னா முடிவெட்டுறவர், ஸஃபார்னா எண்ணினான். நடு எழுத்து ப-வா ஃப-வான்னு காட்டுறது அதுக்குள்ள வைக்கிற ஒரு சின்னப் புள்ளி, அதுவும் இங்க கிடையாது.

பக்கத்துச் சொல்லைப் பாத்தா தெரிஞ்சிடும்னு நினைப்போம், ஆனா எல்லா சொல்லும் உதவாது. பின்னாடி 'தோவ்' இருந்தா நல்ல புக்கு, நல்ல முடிவெட்டுறவர் ரெண்டுமே பொருந்தும், ரெண்டும் ஆண்பால்ங்கறதால இலக்கணமும் கைகொடுக்காது. முன்னாடி 'பேத்' இருந்தா கவலையே இல்ல, அது பேத் செஃபெர், அதாவது பள்ளிக்கூடம். அதனால போட்டோவை கிராப் பண்ணாம முழு போர்டையும் போடுங்க, கீழ கத்தரிக்கோல் படம் இருந்தா அது ஸபார்தான். ஸிபேர்னா சொன்னான், அதுக்கும் புள்ளிக்குறி போட்டா இதே மூணு எழுத்துதான், ஆனா இப்போ புள்ளி இல்லாம எழுதுறப்ப நடுவுல யோத்ங்கற எழுத்தையும் சேத்துடறாங்க, அதனால அந்தக் குழப்பம் மட்டும் குறைவு.