நாணயம் வலுத்தால் யாருக்கு லாபம்? சுவிஸ் பிராங்க் ஏறிய கதையை வைத்துச் சில கேள்விகள்

தேவி: நாணயம் வலுவாக இருந்தால் நாடே வலுவாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியிருக்க, சில மைய வங்கிகள் தங்கள் நாணயம் ஏறாமல் ஏன் பிடித்து வைக்கின்றன, மேடம்?

பாதி சரி. நம்பிக்கை இருக்கும் இடத்துக்குப் பணம் வரும், நாணயம் ஏறும். ஆனால் பக்கத்து வீட்டில் பயம் வந்தாலும் அது ஏறும். 2011-ல் யூரோ நாடுகளில் கடன் நெருக்கடி முற்றியபோது, பயந்த பணமெல்லாம் சுவிட்சர்லாந்துக்கு ஓடியது. அங்கே யாரும் கூடுதலாக ஒரு கடிகாரம் செய்யவில்லை, ஆனாலும் பிராங்க் ஏறிக்கொண்டே போனது. ஏற்றுமதிக்காரர்கள் அலறவே, 2011 செப்டம்பர் 6 அன்று சுவிஸ் தேசிய வங்கி ஒரு கோடு கிழித்தது: ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம். 2015 ஜனவரி 15 அன்று, முன்னறிவிப்பே இல்லாமல், அந்தக் கோட்டை அழித்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே விழுந்தது. அப்புறம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் வந்து நின்றது. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று பார்க்க இதைவிடத் தெளிவான சம்பவம் கிடைப்பது கஷ்டம். அதனால் இன்று பெரும்பாலும் இதை வைத்தே பேசுகிறேன்.

முருகன்: ஏற்றுமதியாளர் விலையை ஏற்றிவிட்டால் போச்சு. சரக்கு நல்லதாக இருந்தால் வாங்குகிறவர் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

சிலருக்கு அது நடக்கும். வேறு எங்கும் கிடைக்காத மருந்து, பெயருக்காகவே வாங்கும் கடிகாரம் என்றால் ஓரளவு ஏற்றலாம். மற்றவர்கள் நிலைமைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, விகிதம் மட்டும் நிஜம்.

ஒரு சுவிஸ் நிறுவனம் ஓர் இயந்திரத்தை 1,00,000 யூரோவுக்கு விற்கிறது. 1.20 விகிதத்தில் கைக்கு 1,20,000 பிராங்க் வரும். செலவு 1,10,000. மீதி 10,000. மறுநாள் விகிதம் 1.00. அதே இயந்திரம், அதே விலை, ஆனால் கைக்கு வருவது 1,00,000 பிராங்க்தான். 10,000 லாபம் 10,000 நட்டமாக மாறிவிட்டது.

லாபத்தைப் பழையபடி வைக்க வேண்டுமானால் விலையை 1,20,000 யூரோ ஆக்க வேண்டும். வாங்குபவருக்கு ஜெர்மனியில் அதேபோன்ற இயந்திரம் கிடைக்கிறது, அதன் விலை ஒரு யூரோகூட மாறவில்லை. அவர் ஏன் நம்மிடம் வருவார்?

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அந்த இயந்திரத்தின் பாகங்களில் 40,000 யூரோவுக்கு வெளியிலிருந்து வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அதற்கு 48,000 பிராங்க் ஆனது, இப்போது 40,000. மொத்தச் செலவு 1,02,000-க்கு இறங்குகிறது. நட்டம் 2,000 மட்டும். ஆக, வருமானம் யூரோவில், செலவு முழுக்க பிராங்கில் என்று இருப்பவருக்குத்தான் அடி பலம். உள்ளூர்ச் சம்பளம் கூடுதலாகப் போகும் தொழில்கள் இந்த வகை. அதனால்தான் அன்று பல சுவிஸ் நிறுவனங்கள் சம்பளத்தைக் கூட்டாமல் வாராந்திர வேலை நேரத்தை மட்டும் கூட்டின. நாணயம் வலுத்தது. அதன் விலையைக் கட்டியது தொழிலாளியின் மாலை நேரம்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த நோய் சீக்கிரம் தெரியாது. யூரோவில் ஆர்டர் குறையாமல் வந்துகொண்டிருக்கும். முன்கூட்டியே விகிதம் பேசி வைத்த ஒப்பந்தங்கள் சில மாதங்கள் காப்பாற்றும். அவை தீர்ந்த பிறகுதான் லாப வரிசையில் ஓட்டை தெரியும்.

ராகவ்: ஒரு டாலருக்கு நூறு யென்னுக்கு மேல் வருகிறது. குவைத் தினார் ஒன்றுக்கோ மூன்று டாலர் கிடைக்கிறது. அப்படியென்றால் ஜப்பானைவிடக் குவைத் பணக்கார நாடா?

தம்பி, இது வேறு கேள்வி. அந்த எண் எங்கே தொடங்கியது என்பது வரலாற்று விபத்து. நோட்டில் இரண்டு பூஜ்யத்தை அடித்தால் யென்னும் டாலர் பக்கத்தில் வந்துவிடும், யாருடைய பையிலும் எதுவும் மாறாது. வியாபாரிக்கு வலி தருவது எண் அல்ல, அது நகர்வது. 1985-ல், டாலரின் மதிப்பை இறக்கப் பெரிய பொருளாதார நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாட்டுக்கு முன், ஒரு டாலர் சுமார் 240 யென். இரண்டு ஆண்டுக்குள் 150 பக்கம் வந்தது. டாலரில் விற்ற ஜப்பானியத் தொழிற்சாலைகளை ஆட்டியது அந்த நகர்வுதான்.

ஷர்மிளா: நாணயம் வலுத்தால் இறக்குமதிப் பொருள் விலை இறங்கவேண்டும். ஆனால் கடையில் இறங்கியதாகவே தெரிவதில்லையே, அக்கா?

எல்லா இறக்குமதியாளரும் கொள்ளை அடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். 1.20-ல் வாங்கிய சரக்கு கிடங்கில் கிடக்கும். போட்டியாளர் நேற்று 1.00-ல் வாங்கியிருப்பார். பழைய சரக்குக்காரர் விலையைக் குறைத்தால் நட்டம், குறைக்காவிட்டால் சரக்குத் தேங்கும். அதைத் தாண்டியும் கடை வாடகை, சம்பளம், போக்குவரத்து எல்லாம் உள்ளூர் நாணயத்தில் இருக்கின்றன. வெளியே பத்து சதவீதம் விழுந்தால் அலமாரியில் அதில் ஒரு பகுதிதான் தெரியும்.

ஆனால் போட்டி இருக்கும் இடத்தில் இறங்கத்தான் செய்யும். 2015-ல் சுவிட்சர்லாந்தில் நுகர்வோர் விலைகள் சராசரியாக 1.1 சதவீதம் குறைந்தன. எல்லையோரத்து மக்கள் அதற்காகக் காத்திருக்கவுமில்லை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரக் கடைகளுக்குப் போனார்கள், ஏற்றுமதிச் சீட்டில் சுங்கத்தில் முத்திரை வாங்கி ஜெர்மன் வரியையும் திரும்பப் பெற்றார்கள். வாங்கியவருக்குக் கொண்டாட்டம், எல்லைக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருந்த சுவிஸ்காரருக்குத் திண்டாட்டம்.

இம்ரான்: நான் வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மொழிபெயர்க்கிறேன், டாலரில் பில் போடுகிறேன். சொந்த நாணயம் ஏறினால் நானும் ஏற்றுமதியாளரா?

சந்தேகமே இல்லாமல். அதுவும் முருகன் கேள்விக்குச் சொன்ன கணக்கில் மோசமான வகை. உங்கள் செலவு முழுக்க உள்ளூரில்தான். பில் போட்ட நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையே 45 நாள் இருந்தால், அந்த 45 நாள் ஆபத்து உங்களுடையது. கெடுவைக் குறைத்துக் கேளுங்கள். பெரிய தொகை என்றால் பின்னால் வரும் பணத்துக்கு இன்றே விகிதம் பேசி வைக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தம் பற்றி வங்கியிடம் பேசுங்கள். சிறு தொகைக்கு அதன் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

கீதா: பயணிகளுக்காவது லாபம்தானே?

வெளியே போகிறவர்களுக்கு மட்டும். உள்ளே வருகிறவர்கள் கணக்கு தலைகீழ். 180 பிராங்க் அறை முன்பு ஜெர்மன் பயணிக்கு 150 யூரோ, அப்புறம் 180 யூரோ. ஆல்ப்ஸ் மலை விடுதிகளில் ஜெர்மானியர் கூட்டம் சுருங்கியது. ஆனால் அதே ஆண்டு ஆசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் நகர விடுதிகளுக்கு ஆள் கூடியது. டாலருக்கு எதிரே பிராங்க் அவ்வளவாக ஏறி நிற்கவில்லை என்பது ஒரு காரணம். நாணயம் வலுத்தது என்று யாராவது சொன்னால், எந்த நாணயத்துக்கு எதிரே என்று கேளுங்கள்.

இன்னொரு வகையினரும் மாட்டினார்கள். வட்டி குறைவு என்று பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த போலந்துக் குடும்பங்களுக்குச் சம்பளம் அந்நாட்டு நாணயமான ஸ்லோட்டியில். ஒரு பிராங்க் சுமார் 3.5 ஸ்லோட்டியிலிருந்து 4-ஐத் தாண்டியது. சுவிட்சர்லாந்தைப் பார்த்தேயிராதவர்கள் அதன் வலுவுக்குத் தவணை கட்டினார்கள்.

சேகர்: 2015-க்குப் பிறகு சுவிட்சர்லாந்து மூழ்கிவிடவில்லையே மேடம். நீங்கள் பயமுறுத்துவது அதிகம். அந்தக் கோட்டை முதலிலேயே கிழிக்காமல் இருந்திருக்கலாம்.

மூழ்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். வளர்ச்சி மந்தமானது, நின்றுவிடவில்லை. ஆனால் சராசரி நிமிர்ந்து நின்றது என்பதால் உள்ளே யாரும் விழவில்லை என்று ஆகாது. கோட்டைக் காப்பாற்ற மைய வங்கி வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக் குவித்து, 2014 முடிவில் கையிருப்பு சுமார் 500 பில்லியன் பிராங்கைத் தொட்டது. 2015-ல் சுமார் 23 பில்லியன் பிராங்க் நட்டக் கணக்கு எழுதியது. மறுபுறம், அந்த மூன்று ஆண்டுக்கும் மேலான காலத்தில் நிறுவனங்களுக்குத் தயாராக அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்துக்கு இவ்வளவு விலை தகுமா என்பதில் பொருளாதார நிபுணர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் தகும் என்ற பக்கம். நீங்கள் மறுபக்கம் நின்றால் வாதாட எண்கள் உங்களிடமும் இருக்கின்றன.